கண் காட்டும் இடம், கை போகும் இடம்

தாழ்வான பலகை ஒன்றின்மேல் தண்ணீர் பாட்டில் நிற்கிறது. அதற்கு எதிரே இரண்டு சக்கரங்களில் ஓடும் சிறிய ரோபோ. அதன் கேமரா பாட்டிலைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டது. கையின் மோட்டார்களில் பழுதில்லை. எடுக்கச் சொன்னதும் கை நீள்கிறது. ஆனால், பாட்டிலுக்கு நாற்பது சென்டிமீட்டர் மேலே வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ரோபோ செய்யும் மாணவர்களும் பொறியாளர்களும் இதை அடிக்கடி பார்ப்பவர்கள்தான். கேமராவும் கையும் தனித்தனியே சரியாக இயங்க, இரண்டுக்கும் நடுவே இருக்கும் கணக்கு மட்டும் பிழையாக இருக்கிறது. கேமரா தன் லென்ஸிலிருந்து அளந்து சொல்கிறது. கை தன் அடிப்பாகத்திலிருந்து அளந்து போகிறது. சக்கரங்களுக்குத் தெரிந்ததோ, தாங்கள் எத்தனை சுற்று சுழன்றோம் என்பது மட்டுமே. இந்த மூன்றையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவருவதற்கு ரோபோ உலகம் வைத்திருக்கும் ஏற்பாடுதான் டிரான்ஸ்ஃபார்ம் மரம்.

அந்த மரம் வளர்வது ராஸ் என்ற மென்பொருள் தொகுப்புக்குள். ரோபோ ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது அதன் முழுப்பெயர். பெயர் அப்படி இருந்தாலும் அது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் அல்ல. ரோபோவின் பல நிரல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஓர் அமைப்பு. 2007-இல் கலிஃபோர்னியாவின் வில்லோ கராஜ் ஆய்வுக்கூடத்தில் அது வளரத் தொடங்கியது. அங்கே பணிபுரிந்த டல்லி ஃபூட் இந்த இடக்கணக்குக்கான நூலகத்தை உருவாக்குவதில் முன்நின்றார். அதைப் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை 2013-இல் வெளியானது. இன்று அதன் இரண்டாம் வடிவமான `tf2` புழக்கத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மூலை

பள்ளிக்கூடக் கணக்கில் வரைபடத்தாள் எடுத்தவுடன் முதலில் ஆதிப்புள்ளியைக் குறிப்போம். பிறகு அச்சுகளை வரைவோம். அவை இல்லாமல் "3, 4 என்ற புள்ளி" என்று சொன்னால் பொருளில்லை. ரோபோவில் அந்த ஆதிப்புள்ளிக்கும் மூன்று அச்சுகளுக்கும் சேர்த்து ஃபிரேம் என்று பெயர். லைடாருக்கு ஒரு ஃபிரேம், கேமராவுக்கு ஒன்று, கையின் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒன்று என்று சிறிய ரோபோவில்கூட பத்துப் பதினைந்து ஃபிரேம்கள் இருக்கும். ஒரு ஃபிரேமிலிருந்து பார்த்தால் இன்னொன்று எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்ற தகவல்தான் டிரான்ஸ்ஃபார்ம்.

அச்சுகள் எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்பதை ஆளாளுக்கு ஒரு விதமாக வைத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் ராஸ் சமூகம் 2010-இல் ஆர்.இ.பி. 103 என்ற விதிக்குறிப்பை எழுதியது. நீளத்தை மீட்டரிலும் கோணத்தை ரேடியனிலும் சொல்ல வேண்டும். ரோபோவின் உடலில் x அச்சு முன்னோக்கி, y அச்சு இடப்பக்கம், z அச்சு மேல்நோக்கி. வலப்பக்கம் இருக்கும் பொருளுக்கு y மதிப்பு கழித்தல் குறியோடு வரும். இதை மறந்து எழுதிய ஒரு கழித்தல் குறி, இடப்பக்கம் உள்ள நாற்காலியை வலப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிடும்.

நம் ரோபோவின் மரம்

ஒரு ரோபோவை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைத் தொடக்கத்திலிருந்து கட்டிப் பார்ப்போம். இரண்டு சக்கரங்கள், ஒவ்வொன்றின் ஆரமும் 5 செ.மீ. சக்கரங்களுக்கு இடையே 30 செ.மீ. இரு சக்கரங்களையும் இணைக்கும் கோட்டின் நடுப்புள்ளியை ரோபோ உடலின் ஆதிப்புள்ளியாக வைத்துக்கொள்வோம். ராஸில் அதன் வழக்கமான பெயர் `base_link`. அங்கிருந்து 10 செ.மீ. முன்னால், 25 செ.மீ. உயரத்தில் நேராகப் பார்க்கும் டெப்த் கேமரா. அதாவது படத்தோடு தூரத்தையும் சேர்த்து அளக்கும் கேமரா. 5 செ.மீ. முன்னால், 10 செ.மீ. உயரத்தில் கையின் அடிப்பாகம். உச்சியில், சுற்றிலும் லேசர் அடித்துச் சுவர்களின் தூரத்தை அளக்கும் லைடார். இதன் மரம் இப்படி இருக்கும்:

```
map
└── odom
    └── base_link
        ├── left_wheel_link
        ├── right_wheel_link
        ├── laser_link
        ├── camera_link
        │   └── camera_optical_frame
        └── arm_base_link
            └── arm_link_1 ... gripper_tip
```

மேலிருப்பது தாய், கீழிருப்பது பிள்ளை. ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளைகளும் இருக்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு தாய்தான். இந்த விதி எளிமையாகத் தெரிந்தாலும் மொத்த அமைப்பும் இதன்மேல்தான் நிற்கிறது. ஒரு தாய்தான் என்றால் எந்த இரண்டு ஃபிரேம்களுக்கும் நடுவே ஒரே ஒரு பாதைதான் இருக்க முடியும். கேமராவிலிருந்து கைக்குப் போக வேண்டுமானால் `base_link` வரை ஏறி, அங்கிருந்து இறங்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது. இரண்டு வழிகள் இருந்தால் இரண்டு விடைகள் வரும், எது சரி என்று முடிவு செய்ய முடியாது.

இந்த மரத்தின் கிளைகளை யார் நிரப்புகிறார்கள்? ரோபோவின் உடலமைப்பை யூ.ஆர்.டி.எஃப். என்ற கோப்பில் எழுதிவைக்கிறோம். `robot_state_publisher` என்ற நிரல் அதைப் படிக்கிறது. கேமராபோல இறுக்கிப் பொருத்தியவற்றின் இடத்தை ஒருமுறை சொன்னால் போதும். அது `/tf_static` என்ற தடத்தில் போகிறது, தாமதமாகத் தொடங்கும் நிரலுக்கும் அது கிடைத்துவிடும். கையின் மூட்டுகள் அசைபவை. அவற்றின் கோணங்களை மோட்டாரில் உள்ள என்கோடர்கள் சொல்லச் சொல்ல, அதே நிரல் புதுப்புது இடங்களைக் கணக்கிட்டு `/tf` தடத்தில் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது.

தரைக்கு ஏன் இரண்டு ஃபிரேம்?

மரத்தின் உச்சியில் `map`, `odom` என்று இரண்டு இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பார்கள். இரண்டுமே அறையின் தரையைக் குறிப்பவைதானே, ஒன்று போதாதா?

சக்கரங்கள் சுழன்ற கணக்கை வைத்து ரோபோ எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். அந்தக் கணக்கு துள்ளாமல், தொடர்ச்சியாக நகரும். ஆனால் சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் பிழை சேரும், சேர்ந்த பிழை தானாகக் குறையாது. மறுபக்கம், லைடார் பார்க்கும் சுவர்களை வரைபடத்தோடு ஒப்பிட்டும் இடத்தைச் சொல்லலாம். அதில் பிழை சேராது. ஆனால் ஒவ்வொரு முறை திருத்தும்போதும் ரோபோ சட்டென்று சில சென்டிமீட்டர் தாவியதுபோல இருக்கும். தொடர்ச்சி ஒன்றில், துல்லியம் இன்னொன்றில். ஆர்.இ.பி. 105 இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது: சக்கரக் கணக்கு `odom` ஃபிரேமில், வரைபடக் கணக்கு `map` ஃபிரேமில்.

ஓர் உதாரணம். ரோபோ நேராக ஓடியிருக்கிறது. சக்கரங்கள் 10.00 மீட்டர் என்கின்றன. சுவர்களை ஒப்பிட்டுப் பார்த்த நிரல் 9.70 மீட்டர்தான் என்கிறது. `base_link`-க்கு `odom` ஏற்கெனவே தாய். அதனால் வரைபட நிரல் "ரோபோ 9.70-இல் இருக்கிறது" என்று நேரடியாக அறிவிக்க முடியாது, அறிவித்தால் பிள்ளைக்கு இரண்டு தாய் ஆகிவிடும். அது என்ன செய்கிறது என்றால், வித்தியாசமான –0.30 மீட்டரை `map`-க்கும் `odom`-க்கும் நடுவே போட்டுவிடுகிறது. –0.30-ஐயும் 10.00-ஐயும் கூட்டினால் 9.70. சக்கரக் கணக்கில் யாரும் கைவைக்கவில்லை. அடுத்த அறைக்கு வழி தேடும் நிரல் `map`-இல் கேட்கட்டும். முன்னால் இருக்கும் பொருளை நோக்கிச் சீராக நகர வேண்டிய நிரல் `odom`-இல் கேட்கட்டும். திருத்தம் வந்த நொடியில் ரோபோ அதிராது.

கேமராவின் வேறு அச்சு

இப்போது பாட்டிலுக்கு வருவோம். கேமராவுக்கு மரத்தில் இரண்டு ஃபிரேம்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். படங்களைக் கையாளும் கணிதத்தில் நெடுங்காலமாக வேறொரு வழக்கம் உண்டு: x வலப்பக்கம், y கீழ்நோக்கி, z லென்ஸிலிருந்து முன்னோக்கி. டெப்த் கேமரா தன் அளவுகளை இந்த வழக்கத்தில்தான் தருகிறது. எனவே `camera_link` ரோபோ வழக்கப்படியும், அதன் பிள்ளையான `camera_optical_frame` பட வழக்கப்படியும் இருக்கும். இரண்டும் ஒரே புள்ளியில் இருப்பவை, அச்சுகள் மட்டும் சுழன்றிருக்கும்:

```xml
<joint name="camera_optical_joint" type="fixed">
  <parent link="camera_link"/>
  <child link="camera_optical_frame"/>
  <origin xyz="0 0 0" rpy="-1.5708 0 -1.5708"/>
</joint>
```

1.5708 என்பது ரேடியனில் 90 டிகிரி. இனிக் கணக்கு. பாட்டிலின் நடுப்பகுதி வலப்பக்கம் 5 செ.மீ., கீழே 10 செ.மீ., முன்னால் 30 செ.மீ. என்று கேமரா சொல்கிறது. பட வழக்கத்தில் இது (0.05, 0.10, 0.30). ரோபோ வழக்கத்துக்கு மாற்றினால் முன்னால் 0.30, இடப்பக்கம் –0.05, மேலே –0.10. கேமரா `base_link`-இலிருந்து 0.10 முன்னும் 0.25 மேலும் இருப்பதால் அவற்றைக் கூட்ட வேண்டும்: (0.40, –0.05, 0.15). கையின் அடிப்பாகம் 0.05 முன்னும் 0.10 மேலும் இருப்பதால் அவற்றைக் கழிக்க வேண்டும்: (0.35, –0.05, 0.05). கைக்குக் கொடுக்க வேண்டிய விடை இதுதான். கேமரா நேராகப் பார்ப்பதால் கூட்டல் கழித்தலிலேயே முடிந்தது. சாய்ந்திருந்தால் சுழற்சியையும் சேர்த்து `tf2` கணக்கிடும், நாம் எழுத வேண்டியதில்லை.

அந்த ஆப்டிகல் ஃபிரேமை விட்டுவிட்டு, கேமரா தந்த எண்களை `camera_link`-இல் அளந்ததாகச் சொன்னால் என்ன ஆகும்? (0.05, 0.10, 0.30) என்பதற்கு முன்னால் 5, இடப்பக்கம் 10, மேலே 30 செ.மீ. என்று அர்த்தம் வந்துவிடும். `base_link`-இலிருந்து பார்த்தால் பாட்டில் 55 செ.மீ. உயரத்தில், கேமராவுக்கும் மேலே தொங்கும். உண்மையான உயரம் 15 செ.மீ. தொடக்கத்தில் காற்றைப் பிடித்த கைக்குக் காரணம் இதுவே. இந்தப் பிழையைத் திரையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ராஸின் காட்சித் திரையான ஆர்விஸில் கேமராவின் புள்ளிகளைக் காட்டச் சொன்னால், தரை சுவர்போல நிமிர்ந்து நிற்கும்.

சாய்வில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் அந்தக் கோணம் கூட்டல் குறியோடு வரும், கழித்தல் குறியோடு அல்ல. z மேல்நோக்கியும் y இடப்பக்கமும் இருக்கும்போது வலக்கை விதி அப்படித்தான் அமைகிறது. கீழே பார்ப்பதால் கழித்தல் என்று நினைத்து எழுதினால், கேமரா கூரையைப் பார்ப்பதாக ரோபோ நம்பும்.

எங்கே என்பதோடு எப்போது

பாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்பது பாதிக் கேள்விதான். எந்த நொடியில் என்பது மீதிப் பாதி. ரோபோ ஒரு நொடிக்கு 1 ரேடியன், அதாவது சுமார் 57 டிகிரி வேகத்தில் நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் எடுத்து, அதில் பாட்டிலைக் கண்டுபிடித்து முடிக்க 0.1 நொடி ஆகிறது. அதற்குள் ரோபோ 0.1 ரேடியன் திரும்பிவிட்டது. பாட்டில் 40 செ.மீ. தூரத்தில் இருந்தால் விலகல் 4 செ.மீ. ஆறேழு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பாட்டிலைத் தவறவிட இது போதும்.

இதற்காகவே `tf2` ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மையும் நேர முத்திரையோடு வைத்திருக்கிறது. வழக்கமாகக் கடைசி 10 நொடிகளின் வரலாறு அதன் நினைவில் இருக்கும். நாம் கேட்கும் நேரம் இரண்டு பதிவுகளுக்கு நடுவே விழுந்தால், இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிட்டுத் தரும். எனவே "இப்போதைய இடம் என்ன" என்று கேட்காமல் "படம் எடுத்தபோது இடம் என்ன" என்று கேட்க வேண்டும்:

```python
t = buffer.lookup_transform(
    'odom', 'camera_optical_frame',
    Time.from_msg(msg.header.stamp))
```

அந்த நொடியின் இடத்தை அசையாத `odom` ஃபிரேமில் குறித்துவிட்டால், அதற்குப் பிறகு ரோபோ எவ்வளவு திரும்பினாலும் பாட்டில் அங்கேயே இருக்கும். இங்கே அதிகம் நடக்கும் தவறு, பாட்டிலைக் கண்டுபிடிக்கும் நிரல் தன் வேலை முடிந்த நேரத்தை முத்திரையாகப் போட்டுவிடுவது. படத்தில் இருந்த முத்திரையை அப்படியே பிரதியெடுத்து அனுப்ப வேண்டும்.

இரண்டு கணினிகள் இருந்தால் கடிகாரமும் சிக்கலாகும். ரோபோவின் மேல் ராஸ்பெரி பை 4 இருக்கிறது, மேசையில் மடிக்கணினி இருக்கிறது. பை 4-இல் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத அறையில் இயக்கினால் அதன் நேரம் பின்தங்கியிருக்கும். அப்போது திரையில் `extrapolation into the future` என்ற பிழைச்செய்தி வரும். கேட்ட நேரத்துக்கான டிரான்ஸ்ஃபார்ம் இன்னும் வந்து சேரவில்லை என்பது அதன் பொருள். சில மில்லிநொடி வித்தியாசம் என்றால் சற்றுக் காத்திருந்து கேட்டால் போதும். பல நொடி என்றால் நிரலைத் திருத்திப் பயனில்லை. இரண்டு கணினிகளின் நேரத்தையும் ஒன்றாக்க வேண்டும்.

மரம் உடைந்திருப்பது எப்படித் தெரியும்?

முதல் சோதனை மரத்தின் வடிவத்துக்கு. கீழ்க்கண்ட கட்டளைகளில் முதலாவது, மரத்தைப் படமாக வரைந்து ஒரு பி.டி.எஃப். கோப்பாகத் தரும். இரண்டாவது, `/tf` தடத்தில் எழுதும் நிரல்களின் பெயர்களைச் சொல்லும்.

```
ros2 run tf2_tools view_frames
ros2 topic info /tf --verbose
```

படத்தில் இரண்டு தனி மரங்கள் தெரிந்தால், நடுவே ஓர் இணைப்பு இல்லை. `two or more unconnected trees` என்ற செய்தியும் இதையே சொல்கிறது. பெரும்பாலும் சக்கர நிரல் தொடங்காமல் இருக்கும், அல்லது ஒரு கோப்பில் `base_link` என்றும் இன்னொன்றில் `base_footprint` என்றும் பெயர் மாறியிருக்கும்.

இதைவிடத் தந்திரமானது ஒரே இணைப்பை இரண்டு நிரல்கள் வெளியிடுவது. சக்கரக் கட்டுப்பாட்டு நிரல் `odom`-இலிருந்து `base_link`-க்கு ஒரு மதிப்பைச் சொல்கிறது. சக்கரத்தையும் சுழற்சி உணரியையும் சேர்த்துக் கணக்கிடும் `robot_localization` நிரலும் அதே இணைப்புக்குத் தன் மதிப்பைச் சொல்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது, மரத்தின் படமும் ஒழுங்காகவே இருக்கும். ஆர்விஸில் மட்டும் ரோபோ இரண்டு இடங்களுக்கு நடுவே நடுங்கும். படத்தில் அந்த இணைப்புக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் வேகத்தைப் பாருங்கள்: நொடிக்கு 50 முறை வர வேண்டியது 80 என்று இருந்தால் இரண்டாவது ஆள் இருக்கிறார். சக்கரக் கட்டுப்பாட்டில் `enable_odom_tf` என்பதை அணைத்தால் நடுக்கம் நின்றுவிடும்.

எண்கள் சரியா? ஓட்டிப் பாருங்கள்

மரத்தின் வடிவம் சரி என்பதால் எண்கள் சரியாகிவிடாது. லைடாரின் இடம் 3 செ.மீ. தவறாக இருந்தாலும் `tf2` குறை சொல்லாது. கொடுத்ததை நம்பும், எவ்வளவு நம்பலாம் என்ற தகவலும் அதனிடம் கிடையாது. டேப்பால் நீளத்தை அளந்துவிடலாம், கோணத்தை அளப்பது கடினம். 1 டிகிரி பிழை ஒரு மீட்டர் தூரத்தில் 1.7 செ.மீ. விலகலாகும், மூன்று மீட்டரில் 5 செ.மீ.

இதற்கு எளிய வழி, ரோபோவை ஓட்டிப் பார்ப்பது. ஆர்விஸில் ஆதாரமாக `odom`-ஐ வைத்து, லைடார் புள்ளிகள் உடனே மறையாமல் இருபது நொடி தங்கும்படி அமையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், ரோபோ நகர நகரச் சுவர் அதே இடத்தில் ஒரே கோடாக நிற்கும். பிழை இருந்தால் கோடு பரவும். அது எப்படிப் பரவுகிறது என்பதிலிருந்து எந்தப் பிழை என்று சொல்லிவிடலாம்.

முதலில் சுவருக்கு இணையாக 2 மீட்டர் நேராக ஓட்டுங்கள். பக்கச் சுவரின் கோடு சாயாமல், இணைகோடுகளாக ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் லைடாரைத் திருப்பிப் பொருத்திய கோணம் தவறு. 2 டிகிரி பிழைக்கு 2 மீட்டரில் 7 செ.மீ. நகரும். கோடுகள் இணையாக இல்லாமல் விசிறிபோலத் திரும்பினால் லைடாரின் மேல் பழி போட வேண்டாம். இரு சக்கரங்களின் அளவு சமமில்லை, ரோபோ நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு வளைந்து போகிறது. எதிர்ச்சுவர் பின்வாங்கினால், ரோபோ உண்மையில் போனதைவிட அதிக தூரம் போனதாகக் கணக்கிடுகிறது. சக்கர ஆரத்தைப் பெரிதாகக் கொடுத்திருக்கிறோம்.

அடுத்து, நின்ற இடத்திலேயே ஒரு முழுச்சுற்று சுற்றச் செய்யுங்கள். அரைச்சுற்றில் சுவர் விலகி, முழுச்சுற்றில் மறுபடி பழைய கோட்டில் வந்து பொருந்தினால் லைடாரின் இடத்தில் பிழை. 3 செ.மீ. தவறுக்கு அரைச்சுற்றில் 6 செ.மீ. விலகல் தெரியும். முழுச்சுற்று முடிந்த பிறகும் அறை முழுவதும் திரும்பியதுபோலப் பொருந்தாமல் நின்றால் சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரம் தவறு. நம் ரோபோவில் 30 செ.மீ. என்பதற்குப் பதில் 31.5 என்று எழுதியிருந்தால், 360 டிகிரி சுற்றியபின் ரோபோ 343 டிகிரிதான் சுற்றியதாகச் சொல்லும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. யூ.ஆர்.டி.எஃப். கோப்பில் சக்கரங்களின் இடத்தைத் திருத்தினால் திரையில் படம்தான் மாறும். சுழற்சியைக் கணக்கிடும் நிரல் அந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை; அதற்கென்று தனியே `wheel_separation` என்ற எண் வேறொரு கோப்பில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

கேமராவின் சாய்வுக்குத் தரையே அளவுகோல். நம் ரோபோவின் `base_link` அச்சு உயரத்தில் இருப்பதால் தரைப் புள்ளிகள் எல்லா இடத்திலும் z = –0.05 என்று வர வேண்டும். அருகில் சரியாக இருந்து, 2 மீட்டர் தள்ளி 3.5 செ.மீ. உயர்ந்தால் சாய்வில் 1 டிகிரி பிழை.

கையைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்

கடைசியாகக் கை. ஏப்ரல்டேக் போன்ற கறுப்பு வெள்ளைக் குறியட்டை ஒன்றைப் பலகையில் வையுங்கள். அதன் நடுப்புள்ளி `base_link`-இலிருந்து எங்கே இருக்கிறது என்று கேமரா வழியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிடியின் நுனி அந்தப் புள்ளியைத் தொடும்படி கையை நகர்த்தி, கை என்ன சொல்கிறது என்று கேளுங்கள்:

```
ros2 run tf2_ros tf2_echo base_link gripper_tip
```

இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அட்டையை ஐந்தாறு இடங்களில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் எங்கும் ஒரே அளவு, ஒரே திசை என்றால் கேமராவின் இடமோ கை அடியின் இடமோ தவறு. தூரம் கூடக் கூட வித்தியாசமும் கூடினால் கோணம் தவறு. ஒரே புள்ளியைக் கையை வெவ்வேறு விதமாக மடக்கித் தொடும்போது எண் மாறினால், கேமராவுக்கு அதில் பங்கில்லை. மூட்டுகளின் பூஜ்ய நிலையோ கைத்துண்டுகளின் நீளமோ பிழையாக இருக்கிறது.

இதில் சில மில்லிமீட்டர் வரை இறங்கிவிட்டால் பாட்டில் எடுக்க அது போதும். திருகாணி பொருத்தும் அளவுக்குத் துல்லியம் வேண்டுமானால், பிடியில் குறியட்டையை ஒட்டிப் பல நிலைகளில் படமெடுத்து, கேமராவின் இடத்தைக் கணக்கின் மூலமே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான பழைய முறைகளில் ஒன்றை சாய், லென்ஸ் இருவரும் 1989-இல் வெளியிட்டார்கள். ஓப்பன்சிவி நூலகத்தில் `calibrateHandEye` என்ற பெயரில் அது கிடைக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு கையின் எண்களை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. மூட்டின் பூஜ்யம் தவறாக இருக்கும்போது இதைச் செய்தால், அந்தப் பிழை முழுவதும் கேமராவின் இடத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

எனவே வேலையின் வரிசை முக்கியம். முதலில் மரத்தின் வடிவம், பிறகு சக்கரம், அதன்பின் லைடார், கேமரா, கடைசியில் கை. பின்னால் வருவதைச் சோதிக்க முன்னால் முடித்ததை அளவுகோலாக வைக்கிறோம். மரத்தின் ஒவ்வொரு இணைப்புக்கும் எதிரே மூன்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: இதை எந்த நிரல் வெளியிடுகிறது, இந்த எண் எங்கிருந்து வந்தது, எந்தச் சோதனையில் தேறியது. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் இணைப்பை, அது திரையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், நம்ப வேண்டாம்.